குழிப் பணியாரம் வெளிய கருகிடுது, உள்ள மாவாவே இருக்கு, எப்போ திருப்பணும்?

உங்க அடுப்பு ஃபுல்லா எரியுதுன்னு நினைக்கிறேன். கல்லு நல்லா காயணும்னு சொல்றது சரிதான், ஆனா காய்ஞ்சதும் தீயைக் குறைக்கணும், அதை யாரும் சொல்றதில்ல. தண்ணி தெளிச்சா சொய்ங்னு சத்தம் வந்து அடங்கணும், அப்போ சிம்முக்கும் மீடியத்துக்கும் நடுவுல வச்சுட்டு குழிக்கு அரை ஸ்பூன் எண்ணெய் விட்டு மாவு ஊத்துங்க. முக்கால் குழிதான். தளும்ப ஊத்தினா பொங்கி பக்கத்துக் குழியோட ஒட்டிக்கும், அப்புறம் திருப்பவே முடியாது.

எங்க வீட்டுக் கல்லு ஏழு குழி இரும்பு, சின்ன பர்னர்ல வச்சா நடுக்குழிக்கு மட்டும் சூடு அதிகம். அதனால சுத்தி ஆறையும் ஊத்திட்டு கடைசியாதான் நடுவுல ஊத்துவேன், ஆனா திருப்பறது நடுவுலதான் முதல்ல. மூடி போட்டு ரெண்டு நிமிஷம் கழிச்சுத் திறந்தா ஓரம் வெந்து நிறம் மாறியிருக்கும், மேல நடுவுல மட்டும் இன்னும் ஈரமா பளபளன்னு இருக்கும். அதான் நேரம். கம்பியை ஓரமா விட்டு லேசா தள்ளினா பணியாரம் குழிக்குள்ளயே சுத்தணும், சுத்தினா கவுத்துடுங்க, மேல இருக்கற ஈர மாவு கீழ இறங்கி அந்தப் பக்கமும் உருண்டையா வரும். மேல முழுசா காய்ற வரைக்கும் விட்டா ஒரு பக்கம் தட்டையாதான் நிக்கும். சுத்தலன்னா நோண்டாதீங்க, அரை நிமிஷம் விடுங்க, அடி முறுகினதும் தானா விடும். திருப்பினப்புறம் மூடி வேண்டாம்.

எங்க பாட்டி மூடவே மாட்டாங்கன்னு கமெண்ட்ல வராதீங்க, விறகடுப்புல அப்படி வரும், நான் கேஸ் அடுப்புக்குச் சொல்றேன்.

மாவு இட்லி மாவு பதத்துல இருக்கட்டும். தோசைக்குக் கரைச்ச மாதிரி தண்ணியா இருந்தா உள்ள வேக நேரமாகும், அதுக்குள்ள வெளிய கருகிடும். வெங்காயத்தை வதக்கிப் போடுங்க, பச்சையாப் போட்டா தண்ணி விடும். வெல்லப் பணியாரம்னா இன்னும் சிம்முல, வெல்லம் சீக்கிரம் கருகும்.

இவ்வளவும் பண்ணியும் பிய்யுதுன்னா கல்லுதான் காரணம். எங்க கல்லை பக்கத்து வீட்டம்மா ஒரு விசேஷத்துக்கு வாங்கிட்டுப் போய் கம்பி நார் போட்டு வெள்ளி மாதிரி பளபளன்னு தேய்ச்சுக் கொண்டுவந்து குடுத்தாங்க, பெருமையா வேற! வருஷக்கணக்கா எண்ணெய் குடிச்சுப் பழகின கல்லு, அடுத்து ஊத்தினது அத்தனையும் அடியோட ஒட்டிக்கிச்சு. மறுபடி எண்ணெய் தடவி சிம்முல காய வச்சு, ராத்திரி அப்படியே விட்டு, காலைல வெங்காயம் போட்டு வதக்கி எடுத்தப்புறம்தான் வழிக்கு வந்துச்சு. இரவல் குடுத்த டிபன் கேரியர்கூட மூடி இல்லாமதான் திரும்பி வருது, கேட்டா நம்மதான் கெட்டவங்க. நான்ஸ்டிக் கல்லுன்னா இந்தப் பழக்கற வேலை கிடையாது, ஆனா கம்பிக்குப் பதிலா மரக்குச்சியால திருப்புங்க.