கோபால்ட்-60 சோர்ஸிலிருந்து எவ்வளவு டோஸ்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கடலூர் சிப்காட்டில் ரேடியோகிராஃபி பயிற்சியில் இருக்கிறேன். எங்கள் கோபால்ட் சோர்ஸின் சான்றிதழில் 370 கிகாபெக்கரல் என்று உள்ளது. 5 மீட்டரில் டோஸ் வீதம் எவ்வளவு?

முதலில் சான்றிதழின் தேதியைப் பாருங்கள். கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டுகள். சான்றிதழ் 3 ஆண்டு பழையது என்று வைத்துக்கொள்வோம். சிதைவுக் காரணி 0.5^(3/5.27), அதாவது ஏறக்குறைய 0.674. இன்று மிஞ்சியிருப்பது சுமார் 250 கிகாபெக்கரல்.

இனி சூத்திரம்:

டோஸ் வீதம் = Γ × A ÷ r²

A என்பது சோர்ஸின் இன்றைய கிகாபெக்கரல் அளவு, r என்பது மீட்டரில் தூரம், Γ என்பது காமா மாறிலி. 1 கிகாபெக்கரல் சோர்ஸ் 1 மீட்டரில் தரும் வீதம் அது. கோபால்ட்-60க்கு மணிக்கு 0.35 மில்லிசீவர்ட்.

0.35 × 250 ÷ 25 = 3.5

ஆக, மணிக்கு 3.5 மில்லிசீவர்ட். தேதியைக் கவனிக்காமல் 370ஐயே போட்டால் 5.2 வரும். அந்தத் தவறு ஆளைப் பாதிக்காது என்றாலும், மீட்டர் 3.5 காட்டும்போது மீட்டரில் கோளாறா, சோர்ஸ் முழுதாக வெளியே வரவில்லையா என்று வீணாகக் குழம்ப வைக்கும்.

புதுச்சேரியில் இயற்பியல் படிக்கிறேன். ஒரு அட்டவணையில் 0.31, இன்னொன்றில் 0.35. எது சரி?

இரண்டும் சரி. 0.31 என்பது காற்று பெறும் கெர்மா, மில்லிகிரேயில். 0.35 என்பது உடலில் 10 மில்லிமீட்டர் ஆழத்துக்கான டோஸை மதிப்பிடும் அளவு, மில்லிசீவர்ட்டில். சர்வே மீட்டர் மில்லிசீவர்ட்டில் காட்டினால் 0.35ஐ எடுங்கள். பழைய நூல்களில் வரும் "1 கியூரிக்கு 1 மீட்டரில் மணிக்கு 1.3 ராண்ட்ஜன்" என்பதும் இதே குடும்பம்தான். 1.3ஐ 37ஆல் வகுத்து, 1 ராண்ட்ஜனுக்கு 8.76 மில்லிகிரே என்று பெருக்கினால் 0.31 வந்துவிடும்.

கணக்கில் 3.5 வந்த இடத்தில் மீட்டர் 3.9 காட்டுகிறது. ஏன்?

பக்கத்தில் கான்கிரீட் சுவரோ தரையோ இருக்கும். சூத்திரம் நேராக வரும் கதிரை மட்டும் கணக்கில் எடுக்கிறது, சுவரில் பட்டுச் சிதறி வருவதை அல்ல. சோதிக்க, 10 மீட்டருக்குப் போங்கள். தூரம் இருமடங்கானதால் 3.9இல் கால் பங்கு, அதாவது 1 அளவில் இருக்க வேண்டும். அதைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தால் சிதறல்தான் காரணம் என்று கொள்ளலாம். மாறாக, மீட்டர் கணக்கைவிட மிகக் குறைவாகக் காட்டினால் கோலிமேட்டரோ வேறு தடுப்போ இடையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சோர்ஸ் கழன்று கீழே விழுந்தால், ஒரு நொடியில் கையால் எடுத்துப் போடலாம் என்கிறார்கள்.

கூடவே கூடாது. 1 சென்டிமீட்டர் என்பது 0.01 மீட்டர், அதன் வர்க்கம் 0.0001. அதே சோர்ஸுக்கு மணிக்கு 875 சீவர்ட் வருகிறது, அதாவது 4 நொடியில் ஏறக்குறைய 1 சீவர்ட். சில மில்லிமீட்டர் உள்ள பெல்லெட்டை இவ்வளவு அருகில் புள்ளி என்று கொள்வது தோராயம்தான், ஆனால் அபாயத்தின் அளவு மாறாது. மீட்டரைக் கையில் வைத்தபடி பின்வாங்குங்கள், எல்லை கட்டி ஆட்களை விலக்குங்கள், கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிடுங்கள்.