ஒப்பரேஷனுக்குப் பிறகு மலம் கட்டினால்: கேள்வி பதில்

(சத்திர சிகிச்சை வாட்டில் பல வருடம் வேலை செய்து ஓய்வு பெற்ற தாதி ஒருவர் பதில் சொல்கிறார்.)

அக்கா, அம்மாவுக்குப் பித்தப்பையை வயிறு வெட்டி எடுத்தார்கள். வீட்டுக்கு வந்துவிட்டா. இன்றோடு ஐந்து நாள், வெளிக்குப் போகவே இல்லை. ட்ரமடோல் வலிக் குளிசை மூன்று நேரமும் குடிக்கிறா. (களுவாஞ்சிகுடி)

தம்பி, முதலில் ஒன்றைப் பாருங்கள். காற்றுப் பிரிகிறதா? வாந்தி இல்லாமல் கொஞ்சமாவது சாப்பிடுகிறாவா? இரண்டுக்கும் ஆம் என்றால் குடல் வேலை செய்கிறது. வயிறு வெட்டியபின் பெருங்குடல் தூக்கம் கலைந்து வர இரண்டு மூன்று நாள் எடுக்கும். சாப்பாடும் குறைவு. ஆனால் ஐந்தாம் நாளிலும் போகாததற்குப் பெரும்பாலும் ட்ரமடோல்தான் காரணம். மூளையில் வலியை அடக்கும் அதே மருந்து குடலின் அசைவையும் அடக்கும். மலம் உள்ளேயே நிற்க, அதிலுள்ள தண்ணீரைக் குடல் உறிஞ்சிவிடும், மலம் கல்லாகும். நாள் போகப் போக மயக்கமும் குமட்டலும் பழகிவிடும், மலச்சிக்கல் மட்டும் பழகாது.

அதனால் இளக்கும் மருந்து மட்டும் போதாது, குடலைத் தள்ளிவிடும் மருந்தும் வேண்டும். பைசகோடில் 5 மில்லிகிராம் குளிசை ஒன்று அல்லது இரண்டு, படுக்கப் போகும்போது. கடிக்காமல், பாலோடு சேர்க்காமல் விழுங்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலத்தில் வேலை செய்யும், காலையில் போகும். கொஞ்சம் வயிறு முறுக்கும். கூடவே மலத்தை இளக்கும் லக்டுலோஸ் 15 மில்லிலீட்டர் காலையும் மாலையும் கொடுக்கலாம். அதற்கு இரண்டு நாள் பிடிக்கும், வயிறு ஊதும். தொடங்கும் முன் வாட்டுக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள். குடலை வெட்டி இணைத்த ஒப்பரேஷன் என்றால் டொக்டர் சொல்லாமல் இதில் எதையும் கொடுக்கக் கூடாது.

ட்ரமடோலையும் குறைக்கப் பாருங்கள். பரசிட்டமோல் 500 மில்லிகிராம் இரண்டு குளிசை ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகாமல், வலிக்கிறதோ இல்லையோ ஒழுங்காகக் கொடுத்தால் பலருக்கு ட்ரமடோல் இரவில் மட்டும் போதும். ஆள் மெலிவு அல்லது ஈரல் நோய் இருந்தால் அளவை டொக்டரிடம் கேளுங்கள். உண்மையில் ட்ரமடோல் தொடங்கிய நாளே மல மருந்தும் தொடங்கியிருக்க வேண்டும்.

மருந்தெல்லாம் எதற்கு? எழும்பி நடந்தால் தானாகப் போகும். நான் பப்பாசிப் பழமும் இசப்கோலும்தான் எடுத்தேன். (அக்கரைப்பற்று)

பாதி சரி. நடக்கத்தான் வேண்டும். ஒப்பரேஷன் நடந்த அன்று பின்னேரமே கட்டிலில் கால் தொங்கப் போட்டு இருத்தி, அடுத்த நாள் கக்கூசு வரை நடத்திக்கொண்டு போவோம். அதற்கப்புறம் ஒரேயடியாக அதிகம் நடக்காமல், சிறிது சிறிதாகப் பல தடவை நடப்பது நல்லது. காயத்தில் தலையணையை அணைத்துப் பிடித்தால் எழும்பும்போது வலி குறையும். நடை நுரையீரலைக் காக்கும், காலில் இரத்தம் உறைவதைத் தடுக்கும். ஆனால் குளிசை அடக்கி வைத்த குடலை நடை மட்டும் எழுப்பிவிடாது. பப்பாசிப் பழம் நல்லது. இசப்கோலை இப்போது விடுங்கள். அசையாத குடலில், தண்ணீரும் குறைவாகக் குடித்தால், அது கட்டியாகி அடைத்துவிடும்.

மனைவிக்கு சிசேரியன். வீட்டில் சரக்குக் கறியும் பத்தியமும். காயம் சீழ் பிடிக்கும் என்று தண்ணீர் குடிக்க விடுகிறார்கள் இல்லை. (வாழைச்சேனை)

சரக்குக் கறி இருக்கட்டும். தண்ணீரை மறிப்பதுதான் பிழை, தண்ணீரால் காயம் சீழ் பிடிக்காது. பால் கொடுப்பவ என்பதால் இன்னும் கூடத் தேவை. லக்டுலோஸ் இரத்தத்தில் ஏறுவது மிகக் குறைவு, மலம் இறுகினால் பால் கொடுக்கும் தாய்க்கும் கொடுக்கலாம். கொடெயின் கலந்த வலிக் குளிசை பால் கொடுக்கும்போது வேண்டாம். பாமசியில் வாங்கிய குளிசையில் அது கலந்திருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள்.

என் உம்மாவுக்கு ஒப்பரேஷன் இல்லை, ஆனால் பல வருடமாக இப்படித்தான். பைசகோடில் கொடுக்கவா? (காத்தான்குடி)

இங்கே சொன்னது ஒப்பரேஷன் ஆனவர்களுக்கு, மகள். உம்மா இரும்புச் சத்துக் குளிசை, கல்சியம் எடுக்கிறாவா என்று பாருங்கள். இரத்தம் போனால், மெலிந்தால், அண்மையில் பழக்கம் மாறியிருந்தால் முதலில் கிளினிக்.

வாப்பாவுக்குக் குடல் ஒப்பரேஷன் ஆகி ஆறாம் நாள். வயிறு பானை மாதிரி ஊதி, பச்சையாக வாந்தி. காற்றும் போகவில்லை. லக்டுலோஸ் கொடுக்கலாமா? (சாய்ந்தமருது)

வேண்டாம். இது சாதாரண மலச்சிக்கல் இல்லை, குடல் நின்றிருக்கலாம் அல்லது அடைத்திருக்கலாம். தண்ணீர்கூடக் கொடுக்காமல் இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். டிஸ்சார்ஜ் கார்டும் குளிசை அட்டைகளும் கையில் இருக்கட்டும்.

சூயிங்கம் மென்றால் சீக்கிரம் காற்றுப் பிரியுமாமே? (கல்முனை)

சிசேரியனுக்குப் பிறகு சிலருக்கு உதவுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. வேளைக்கே சாப்பாடு தொடங்கியவர்களுக்கு அதில் கூடுதல் பலன் உண்டா என்பதில் டொக்டர்களே ஒத்துப்போகவில்லை. மெல்ல விரும்பினால் மெல்லட்டும், ஆனால் ட்ரமடோல் எடுப்பவருக்கு மல மருந்துக்குப் பதிலாக அது நிற்காது.