சாயம் விடும் இரண்டு துணிகள்: ஒன்று நிற்கும், ஒன்று நிற்காது

கேள்வி: அடர்சிவப்பில் இரண்டு பருத்தித் துணிகள் வாங்கினேன். முதல் அலசலில் இரண்டுமே சாயம் விட்டன. ஒன்று நான்கைந்து சலவையில் நின்றுவிட்டது. மற்றது இன்றும் விடுகிறது, நிறமும் மங்கிவிட்டது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தும் பயனில்லை. எது நல்ல சாயம் என்று முன்பே கண்டறிய வழி உண்டா?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், நின்றுவிட்ட துணியில் இருப்பது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம், நிற்காததில் இருப்பது டைரக்ட் சாயம். முதல் சலவையில் சாயம் விடுவதை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

டைரக்ட் சாயத்தின் மூலக்கூறு நீண்டு, தட்டையாக இருக்கும். பருத்தியின் செல்லுலோஸ் சங்கிலியை ஒட்டி அது படுத்துக்கொள்ள, ஹைட்ரஜன் பிணைப்பு உள்ளிட்ட பலவீனமான ஈர்ப்புகள் அதைப் பிடித்து வைக்கின்றன. இது தண்ணீரில் கரையும் சாயம் என்பதால், இழைக்குள் எந்த வழியாகப் போனதோ அதே வழியாக வெளியே வரவும் முடியும். தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் எளிதாக வரும். ஒவ்வொரு சலவையிலும் ஒரு பங்கு இப்படி வெளியேறுவதால்தான் உங்கள் துணி மங்கிக்கொண்டே போகிறது. சாயமிட்ட பின் ஃபிக்ஸிங் மருந்தில் நனைத்து எடுத்தால், அது சாயத்தோடு சேர்ந்து எளிதில் கரையாத கூட்டுப்பொருளாகிக் கசிவைக் குறைக்கும். ஆனால் இழையோடு புதிய பிணைப்பு எதுவும் அதனால் ஏற்படுவதில்லை.

ரியாக்டிவ் சாயம் இழையோடு வேதிவினை புரிகிறது. 1954-இல் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனத்தில் ராட்டீ, ஸ்டீஃபன் என்ற இரு வேதியியலாளர்கள் இதற்கு வழிகண்டனர். 1956-இல் ‘புரோசியன்’ என்ற பெயரில் அச்சாயங்கள் விற்பனைக்கு வந்தன. முதலில் உப்பின் உதவியால் சாயம் இழைக்குள் ஏறுகிறது. பிறகு சலவைச் சோடா போன்ற காரத்தைச் சேர்த்ததும், செல்லுலோஸில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் வினைபுரியத் தயாராகி, சாயத்தோடு சகப்பிணைப்பால் இணைகின்றன. அதன்பின் சாயம் இழையின் ஒரு பகுதியாகிவிடுவதால், சாதாரணச் சலவை அதை எடுக்காது.

அப்படியானால் அந்தத் துணியும் முதலில் ஏன் சாயம் விட்டது? காரம் சேர்ந்த தொட்டியில் செல்லுலோஸ் மட்டுமல்ல, தண்ணீரும் சாயத்தோடு வினைபுரிகிறது. தண்ணீரோடு வினைபுரிந்துவிட்ட சாயத்தால் இனி இழையோடு இணைய முடியாது; அது டைரக்ட் சாயத்தைப் போல வெறுமனே ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்த மிச்சத்தை ஆலையிலேயே கொதிநிலைக்கு அருகிலான சூட்டில் சோப்பிட்டு, பலமுறை அலசி நீக்க வேண்டும். அடர்சிவப்பு, கறுப்பு போன்ற நிறங்களுக்குச் சாயம் அதிகம் தேவைப்படுவதால் மிச்சமும் அதிகம். தண்ணீரும் எரிபொருளும் செலவாகும் இந்த அலசலைத்தான் அவசரத்தில் சுருக்கிவிடுகிறார்கள்; ஆலை விட்டுவைத்த வேலையை உங்கள் வாளி செய்து முடித்திருக்கிறது.

உப்புத் தண்ணீர் பற்றிய நம்பிக்கை சாயத்தொட்டியிலிருந்து வந்திருக்க வேண்டும். தண்ணீரில் பருத்தியும் சாயமும் இரண்டுமே எதிர்மின் தன்மை கொண்டு ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை உப்பு தணிக்கிறது. ஆகவே உப்பு நீரில் ஊறும் வரை டைரக்ட் சாயம் குறைவாகக் கசியக்கூடும். உப்பில்லாத தண்ணீரில் அடுத்து அலசும்போது பழையபடி இறங்கும். வினிகரும் பருத்தியில் சாயத்தை நிலைநிறுத்தாது. அமிலத்தால் பயன் கிடைப்பது கம்பளிக்கும் பட்டுக்குமான வேறு வகைச் சாயங்களில்தான்.

தைக்கும் முன் ஓரத்தில் உள்ளங்கையளவு வெட்டி, ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டோடு சேர்த்துத் தைத்து, 60 டிகிரி வெந்நீரில் சலவைத்தூளோடு அரை மணி நேரம் வைத்து அலசுங்கள். பிறகு அதே வண்ணத் துண்டோடு புதிய வெள்ளைத் துண்டை இணைத்து, இதையே இன்னும் மூன்று நான்கு முறை செய்யுங்கள். வெள்ளைத் துண்டுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது கறை விரைவாகக் குறைந்து மறைந்தால் அது ரியாக்டிவ் சாயத்தின் மிச்சம் என்று கொள்ளலாம். கடைசித் துண்டிலும் தெளிவாகக் கறை இருந்து, வண்ணத் துண்டும் கண்ணுக்குத் தெரிய வெளுத்திருந்தால் டைரக்ட் சாயமாக இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல ஃபிக்ஸிங் செய்த டைரக்ட் சாயம் முதல் இரண்டு முறை ஏமாற்றிவிடலாம் என்பதால் நடுவில் நிறுத்தக் கூடாது. மொத்தமாக வாங்குவதானால் சலவை உறுதிக்கான தர எண்ணைக் கேளுங்கள்: 1 முதல் 5 வரையிலான அளவுகோலில் 5 சிறந்தது. நிறம் மங்குவதற்கும் பக்கத்துத் துணியில் கறைபடுவதற்கும் தனித்தனி எண் உண்டு. அடர்நிறத்தில் இரண்டாவது எண்ணையே நான் முக்கியமாகப் பார்ப்பேன்.

ரியாக்டிவ் சாயத்துக்கும் குளோரின் கலந்த வெளுப்பான் ஆகாது. அது பிணைப்பை விட்டுவிட்டு, நிறம் தரும் பகுதியையே சிதைத்துவிடும். இன்னும் சாயம் விடும் உங்கள் துணியைத் தனியாக, ஊறவைக்காமல், குளிர்ந்த நீரில் சீக்கிரம் அலசி, ஈரமாக மடித்துப் போடாமல் உடனே விரித்து உலர்த்துங்கள்.