ஒருத்தர் துரத்த, ஒருத்தர் ஓட: ஆங்சியஸ்-அவாய்டன்ட் ஜோடி பத்தி கேள்வி பதில்

ஜோடிகளோட உக்காந்து பேசறதுதான் பல வருஷமா என் வேலை. விட்டுட்டு போயிடுவாங்களோன்னு பயந்து துரத்தறவங்கள ஆங்சியஸ்னும், நெருக்கம் வந்தா தள்ளி போறவங்கள அவாய்டன்ட்னும் சொல்வாங்க. கேளுங்க.

மொட்டைமாடி: நான் ஆங்சியஸ், அவர் அவாய்டன்ட். நான் அழுதாலும் கல்லு மாதிரி உக்காந்திருப்பார். என்மேல ஒண்ணுமே இல்லையா?

கல்லு வெளியில மட்டும் இருக்கலாங்க. மேரி ஐன்ஸ்வொர்த்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் ஒரு வயசு குழந்தைங்கள வச்சு ஒரு சோதனை பண்ணாங்க, அம்மா ரூமை விட்டு கொஞ்ச நேரம் போயிட்டு திரும்பி வரணும், அவ்ளோதான். சில குழந்தைங்க அம்மா வந்து தூக்கினாலும் அடங்காம அழுதுச்சுங்க, சிலது அம்மா போனதையும் வந்ததையும் கண்டுக்காத மாதிரி பொம்மையோட இருந்துச்சுங்க. 1977ல ஸ்ரூஃப், வாட்டர்ஸ்னு ரெண்டு பேர் இதயத்துடிப்ப வச்சு பாத்தப்போ, கண்டுக்காத அந்த அவாய்டன்ட் குழந்தைக்கும் உள்ள படபடப்புதான். உங்க வீட்டுக்காரர் மனசுல என்ன இருக்குன்னு இத வச்சு சொல்லிட முடியாது, ஆனா அமைதியா இருக்கறத பாத்து ஒண்ணும் இல்லன்னு முடிவு பண்ணாதீங்க.

நைட்ஷிப்ட்: சின்ன விஷயம் எப்படி இவ்ளோ பெரிய சண்டையா ஆகுது?

நான் அடிக்கடி பாக்கற ஒண்ண சொல்றேன். எட்டு மணிக்கு அவ "லேட்டாகுமா?"ன்னு அனுப்பறா, அவன் பாத்துட்டான், வேலையில இருக்கான், ரிப்ளை இல்ல. எட்டேகாலுக்கு வெறும் கேள்விக்குறி ஒண்ணு. எட்டரைக்கு "பரவால்ல, நான் உனக்கு முக்கியம் இல்லன்னு தெரியும்". அவ நெஜமா கேக்கறது "இருக்கியா?"ன்னு மட்டும்தான், ஆனா அவன் காதுல அது குத்தச்சாட்டாதான் விழுது, நெஞ்சு இறுகுது, போனை கவுத்து வைக்கறான். வீட்டுக்கு வந்ததும் நேரா பாத்ரூம், இவ கதவு வரைக்கும் பின்னாடியே போய் பேசறா. சத்தத்த கூட்டினா யாராவது திரும்பி பாப்பாங்கன்னு எப்பவோ கத்துக்கிட்டவ அவ, தேவைய காட்டிக்கிட்டா திட்டுதான் விழும்னு கத்துக்கிட்டவன் அவன். அவளுக்கு மூச்சு விடணும்னா கிட்ட வரணும், அவனுக்கு மூச்சு விடணும்னா தள்ளி போகணும், அதனால ஒருத்தர் மருந்து இன்னொருத்தருக்கு விஷம்.

ராஜாளி: அவாய்டன்ட் ஆளுக்கு ஸ்பேஸ் கொடுத்தா போதும், தானா வருவாங்க. கரெக்ட்தானே?

பாதி கரெக்ட். எப்ப முடியும்னு தெரியாத ஸ்பேஸ் கொடுத்தா ஆங்சியஸ் ஆளுக்கு அது கைவிட்டுட்டு போன மாதிரிதான். அதனால எழுந்து போறவர் நேரம் சொல்லிட்டு போகணும், "ஒன்பதுக்கு வந்து பேசறேன்"னு. கொதிப்பு அடங்க குறைஞ்சது 20 நிமிஷமாவது வேணும், அந்த நேரத்துல "அவ அப்படி சொன்னா, நான் இப்படி கேப்பேன்"னு ஒத்திகை பாத்துட்டு இருந்தா அடங்காது. காத்திருக்கறவர் ஒரு மெசேஜ்கூட அனுப்பக்கூடாது, கஷ்டம்தான், ஆனா வேற வழி இல்ல. இது எங்க கெடும்னா, ஒன்பதுக்கு திரும்பி வந்து எதுவுமே நடக்காத மாதிரி டிவி போடறப்போ. நாலு தடவ இப்படி ஆச்சுன்னா அப்புறம் "ஒன்பதுக்கு வரேன்"ங்கற வார்த்தையே அவளுக்கு பயத்த கிளப்பும்.

குட்டிம்மா: என் பையன் ஸ்கூல்ல விடறப்போ அழறான், ஆங்சியஸா?

நாம பெரியவங்க ஜோடி பத்தி பேசிட்டு இருக்கோம், பரவால்ல. அழறத மட்டும் வச்சு சொல்ல முடியாதும்மா. அந்த சோதனையிலயும் முக்கியமா கவனிச்சது அம்மா திரும்பி வந்தப்போ குழந்தை எப்படி சேந்துக்குதுங்கறததான். நீங்க போய் கூப்பிடறப்போ ஓடி வந்து ஒட்டிக்கிட்டு கொஞ்ச நேரத்துல சரியாயிட்டா கவலப்படாதீங்க.

தனிமரம்: பழைய ஆள்கிட்ட நான்தான் ஓடினேன், இப்ப துரத்தறேன். அப்போ நான் எந்த டைப்?

டைப்புன்னு பெட்டி போடறதுலதான் சிக்கல். பெரியவங்களுக்கான ஆராய்ச்சியில இத ரெண்டு அளவுகோலா பாக்கறாங்க, விட்டுட்டு போயிடுவாங்களோங்கற பயம் ஒண்ணு, நெருக்கம் வந்தா வர்ற கூச்சம் இன்னொண்ணு. ரெண்டுமே உங்களுக்கு இருக்கலாம், எதிர்ல யாருன்னு பொறுத்து எது மேல வரும்ங்கறது மாறும். இதுல குழந்தைப்பருவத்தோட பங்கு எவ்ளோ, நடுவுல வந்த காதலோட பங்கு எவ்ளோன்னு இன்னும் வாதம் ஓடிட்டுதான் இருக்கு. இன்னொண்ணு, வாரக்கணக்குல பேசாம தண்டிக்கறது, போனை பிடுங்கி பாக்கறது இதெல்லாம் "என் ஸ்டைல்"னு சொல்லி தப்பிக்கற விஷயம் இல்ல.

நைட்ஷிப்ட் (மறுபடியும்): நான் அந்த ஓடற ஆளு சார். ஒன்பதுக்கு திரும்பி போனாலும் வாயில வார்த்தை வராது.

அதையே சொல்லுங்க தம்பி. "வந்துட்டேன், வார்த்தை இன்னும் வரல, பக்கத்துல உக்காந்துக்கறேன்." அவ அன்னிக்கு எதிர்பாத்தது உங்க விளக்கத்த விட நீங்க திரும்பி வர்றதாவே இருக்கலாம். அவங்களுக்கு அது போதுமான்னு எனக்கு தெரியாது, சண்டை இல்லாத ஒரு நாள்ல அவங்ககிட்டயே கேட்டு பாருங்க.