600 வார்த்தை தெரிந்தும் வாய் வரவில்லை என்றால்

அன்புள்ள தம்பிக்கு,

நாலு மாதமாகத் தனியாகவே ஜப்பானிய மொழி படித்து, கைபேசியில் முன்பக்கம் வார்த்தை, பின்பக்கம் பொருள் என்று வரும் கார்டுகளில் 600 வார்த்தை முடித்திருக்கிறாய். ஆனால் நேர்முகத்தில் "ஷூமத்சு வா நானி ஓ ஷிமசு கா" என்று கேட்டதும் கேள்வியே பிடிபடவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஷூமத்சு வார இறுதி, நானி என்ன, ஷிமசு செய்வது. மூன்றும் உன் கார்டில் இருந்திருக்கும். கண்ணால் பார்த்துப் படித்த வார்த்தை காதில் விழும்போது வேறு வார்த்தையாகத்தான் தெரியும்.

நீ குறிவைத்திருக்கும் ஜே.எல்.பி.டி. என்5, அதாவது ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையில், பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது. வார்த்தை, இலக்கணம், வாசிப்பு, கேட்டல் இவ்வளவுதான். 180க்கு 80 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் கேட்டலில் 60க்கு 19, மற்ற பகுதியில் 120க்கு 38 என்று தனித்தனியாகவும் வேண்டும். அந்தத் தேர்வை வைத்துப் படித்தால் பேச்சு தானாக விட்டுப்போகும். நேர்முகத்தில் கேட்பதோ பேச்சைத்தான்.

முதலில் ஒரு சோதனை செய். படித்த வார்த்தைகளில் 20ஐ ஒலியாக மட்டும் கேள். 15க்குக் குறைவாகப் புரிந்தால் ஒரு வாரம் புது வார்த்தையே வேண்டாம், பழையதை மட்டும் ஒலியோடு ஓட்டு. அதன் பிறகும் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை போதும். பழைய கார்டுகளைத் திருப்பவே 20 நிமிடத்துக்கு மேல் ஆனால், அன்று புதிதாக எதையும் சேர்க்காதே.

அப்புறம் வாரத்துக்கு ஒரே ஒரு உரையாடல். ஜப்பான் ஃபவுண்டேஷனின் 'இரோதோரி' பாடநூலும் அதன் ஒலிப்பதிவுகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் பத்துப் பன்னிரண்டு வரி உரையாடல் ஒன்றை எடுத்துக்கொள். திங்கள், செவ்வாய் புத்தகத்தை மூடி வைத்துக் கேள், காதில் விழுந்ததை எழுது. புதன்கிழமை திறந்து பார்த்தால் எந்த இடத்தில் காது தவறியது என்று தெரியும். வியாழன், வெள்ளி ஒலியோடு சேர்ந்து, அரை வார்த்தை பின்னால் ஓடிக்கொண்டே சொல். சனிக்கிழமை அதே கேள்விகளுக்கு உன் சொந்தப் பதிலைப் பார்க்காமல் பேசிப் பதிவு செய். ஞாயிறு அந்தப் பதிலையே ஐந்து வரியாகக் கையால் எழுது. நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். நான்கு திறனுக்கும் தனித்தனிப் புத்தகம் தேடினால்தான் நேரம் பத்தாது.

இன்னொன்று, கார்டின் பின்பக்கம் ஆங்கிலப் பொருள் வைத்திருக்கிறாய். அதைத் தமிழுக்கு மாற்று. ஜப்பானிய வாக்கியம் தமிழைப் போலவே வினையில் முடிகிறது. 'ஹோன் ஓ யோமிமசு' என்றால் 'புத்தகத்தை வாசிக்கிறேன்', அந்த 'ஓ' நம்முடைய 'ஐ'. 'தபெதே மிமசு' என்றால் 'சாப்பிட்டுப் பார்க்கிறேன்'. 'மி' என்பது பார்ப்பதுதான், 'சாப்பிட்டு' போன்ற வினையெச்சம்தான் 'தபெதே'. ஆங்கிலம் வழியாகப் போகிறவர் இதைத் தனி விதியாக மனப்பாடம் செய்ய வேண்டும், உனக்கு அது ஏற்கெனவே பழகிய ஒன்று. கொரே, சொரே, அரே கூட இது, உது, அது தான். கேட்பவர் பக்கத்தில் இருப்பதை யாழ்ப்பாணத்தில் இன்றும் 'உது' என்று சொல்கிறார்கள்.

நம் மொழி காலை வாரும் இடமும் உண்டு. எழுவாய்க்குத் தமிழில் உருபு இல்லை. அதனால் ஜப்பானியத்தில் எழுவாய்க்குப் பின்னால் வரும் 'வா', 'கா' இரண்டையும் பேச்சில் நம் ஆட்கள் விழுங்கிவிடுவார்கள். சனிக்கிழமைப் பதிவைக் கேட்கும்போது அதை மட்டும் எண்ணிப் பார்.

குறிப்பேட்டில் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதுவதையும் இன்றோடு நிறுத்து. உனக்குக் காட்டத்தான் நான் இங்கே அப்படி எழுதினேன். பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் சொல்லையும், படிப்பைப் பாதியில் விட்டு வெளியேறுவதைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'தைகக்கு' தான். முதல் எழுத்தை 'தம்பி'யின் த போலச் சொன்னால் வெளியேறுவது, 'பந்து'வில் வரும் து போல அதிர்த்திச் சொன்னால் பல்கலைக்கழகம். நேர்முகத்தில் படிப்பைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள், அங்கே இது மாறிவிடக் கூடாது. அதற்குப் பதில் ஜப்பானிய மொழியின் அடிப்படை எழுத்தான ஹிராகானாவில் எழுது. 46 எழுத்துதான், ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

டிசம்பர்த் தேர்வுக்குப் பணம் கட்டுவதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். எட்டு வாரம் இப்படி ஓட்டிவிட்டு, முதல் சனிக்கிழமைப் பதிவையும் எட்டாவதையும் எனக்கு அனுப்பு. இரண்டையும் கேட்டுவிட்டுப் பேசலாம்.