மருத்துவர் பதில்: பழகிய பாதை மூடினால் வழி தவறுவது ஏன்?

"டொக்டர், அப்பாவுக்கு 69 வயது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நல்லூர்த் திருவிழா நேரம் வழக்கமாக வரும் வீதியை மறித்து, ஒழுங்கைகளுக்குள்ளால் திருப்பிவிட்டார்கள். உள்ளுக்குள்ளே சுற்றி பலாலி வீதியில் ஏறினவர், வீட்டுப் பக்கம் திரும்பாமல் டவுன் பக்கம் திரும்பிவிட்டார். கந்தர்மடம் சந்தியைக் கண்ட பிறகுதான் பிழை தெரிந்து திரும்பி வந்தார். மற்றபடி ஞாபகம் நல்லாக இருக்கு, ஒவ்வொரு நாளும் சைக்கிளில் சந்தைக்குப் போய்வருகிறார். இது மறதி வருத்தத்தின் தொடக்கமா?"
— வாசகி, கோண்டாவில்

ஒரு சம்பவத்தை வைத்து 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு நல்ல அறிகுறி இருக்கிறது. அது என்ன என்று விளங்க, மூளை வழி கண்டுபிடிக்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

சந்தைக்குப் போய்வருவது பெரும்பாலும் பழக்கத்தின் வேலை. இந்தக் கடையடியில் இடது, அந்த மதிலடியில் வலது என்று மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி அதைப் பார்த்துக்கொள்ளும். பாதையை மறித்தால் அந்தப் பழக்கம் உதவாது. அப்போது ஊரின் வரைபடம் ஒன்று தலைக்குள் வேண்டும். அதை வைத்திருப்பது காதுக்கு நேர் உள்ளே கிடக்கும் ஹிப்போகாம்பஸும் அதை ஒட்டிய என்டோரைனல் புறணியும். ஆகவே சந்தைப் பயணம் சரியாக இருப்பது ஆறுதல்தான், ஆனால் வரைபடம் சரியாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

1971இல் லண்டனில் ஜோன் ஓகீஃப் தன் சக ஆய்வாளருடன் சேர்ந்து, ஓடித்திரியும் எலியின் ஹிப்போகாம்பஸில் மெல்லிய கம்பி வைத்துப் பார்த்தார். ஒரு கலம், எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடித்தது. மற்ற இடங்களில் ஏறக்குறைய அமைதி. பக்கத்துக் கலத்துக்கு வேறு இடம். இவைதான் இடக் கலங்கள். எந்தக் கலங்கள் சேர்ந்து துடிக்கின்றன என்பதே 'நான் இங்கே நிற்கிறேன்' என்ற செய்தி.

சரி, விளக்கை அணைத்தாலும் இவற்றில் பல அதே இடத்தில் துடிக்கின்றன. கண்ணுக்கு ஒன்றும் தெரியாதபோது இடம் எப்படித் தெரிகிறது? அதற்கான விடையின் பெரிய பகுதி 2005இல் நோர்வேயின் ட்ரொன்ட்ஹைமில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் குழுவிடமிருந்து வந்தது. (ஓகீஃபுக்கும் இவர்கள் இருவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.) என்டோரைனல் புறணியில் உள்ள கலம் ஒன்று ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் துடித்தது. அந்த இடங்களைக் குறித்துப் பார்த்தால், இடைப்புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஆறு புள்ளிகள். தரையில் அப்படி எந்த அடையாளமும் இல்லை. எலியின் மூளை தானே போட்ட புள்ளிகள் அவை. இப்படி வலைபோலத் துடிப்பவைதான் வலைக் கலங்கள். எலியில் நெருக்கமான வலையின் புள்ளிகளுக்கு இடையே சுமார் 30 சென்டிமீட்டர், அகலமானதில் சில மீட்டர். ஒரு வலையை மட்டும் வைத்து எந்தப் புள்ளியில் நிற்கிறோம் என்று சொல்ல முடியாது. பல அளவு வலைகள் ஒன்றாகப் பொருந்துவது ஓரிடத்தில்தான். வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளையில் மின்முனை வைக்கப்பட்டவர்களிடம் இந்த இரண்டு வகைக் கலங்களும் பதிவாகியிருக்கின்றன, ஆகவே இது எலியோடு நிற்கிற கதை இல்லை.

இந்த வலையில் நம் இடம் நகர்வது கணக்கால். எவ்வளவு தூரம் வந்தோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்று மூளை கூட்டிக்கொண்டே போகும். இதில் தூரப் பிழையைவிடத் திசைப் பிழை பொல்லாதது. தலை பார்க்கும் திசையைக் கணக்கு வைக்கத் தனியாகத் திசைக் கலங்கள் உண்டு. அவை 20 பாகை பிசகினால், 300 மீட்டர் போவதற்குள் நீங்கள் நினைக்கும் இடமும் நிற்கும் இடமும் ஏறக்குறைய 100 மீட்டர் விலகிவிடும். அடுத்த வளைவில் இன்னும் கொஞ்சம் பிசகும்.

இனி அப்பாவின் பயணத்தைப் பாருங்கள். நம் ஒழுங்கைகள் நேராகத் திரும்புவதில்லை, மெல்ல வளைந்து வளைந்து போகும். உட்காதில் உள்ள அரைவட்டக் குழாய்கள் சட்டென்ற திருப்பத்தை நன்றாக உணரும். மெதுவான நீண்ட வளைவை அவ்வளவாக உணராது. இரண்டு பக்கமும் மதில் அல்லது உயர்ந்த வேலி, கோபுரம் கண்ணில் படாது. அப்படிச் சேர்ந்த பிழை கால்வட்டத்தைத் தாண்டிவிட்டால், பலாலி வீதியில் ஏறும்போது தலைக்குள் இருக்கும் வடக்கு வேறு பக்கம் போயிருக்கும். உண்மையில் வலப்பக்கம் திரும்பவேண்டியவருக்கு இடப்பக்கம்தான் வீடு என்று தோன்றும். 30 வயதுக்காரருக்கும் இது நடக்கும், நல்லூர் சனத்துக்குள் இன்னும் இலகுவாக நடக்கும்.

கந்தர்மடம் சந்தியில் நடந்ததுதான் நான் சொன்ன நல்ல அறிகுறி. சோதனைகளில், எலியின் கூண்டுச் சுவரில் ஒட்டிய வெள்ளை அட்டையை அது காணாத நேரம் 90 பாகை நகர்த்தினால், பெரும்பாலும் இடக் கலங்கள், திசைக் கலங்கள், வலைக் கலங்கள் எல்லாம் அட்டையோடு சேர்ந்து திரும்பிவிடும். தெரிந்த அடையாளம் ஒன்று கிடைத்தால் முழு வரைபடமும் ஒரே அடியாகத் திருத்தப்படுகிறது. அப்பா சந்தியைக் கண்டார், பிழையை உணர்ந்தார், யாரும் சொல்லாமல் வீடு வந்தார். அவருடைய திருத்தும் பொறி வேலை செய்கிறது.

பிறகு ஏன் நான் 'ஒன்றும் இல்லை, விடுங்கள்' என்று முடிக்கவில்லை? அல்சைமர் நோயில் டவ் புரத முடிச்சுகள் பெருமூளைப் புறணியில் முதலில் தலைகாட்டும் இடங்களில் ஒன்று இந்த என்டோரைனல் பகுதி. பெயர் மறக்க முன்னரே வழி தடுமாறலாம். 2019இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்றில், லேசான மறதி உள்ளவர்களை மெய்நிகர் கண்ணாடி அணிந்து மூன்று குறிகளுக்கு நடக்கவிட்டு, பிறகு முதல் இடத்துக்குத் தாங்களாகத் திரும்பச் சொன்னார்கள். முள்ளந்தண்டு நீரில் அல்சைமர் அடையாளம் இருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தவறினார்கள். ஆனால் நோய் இல்லாத முதுமையிலும் இந்தத் திறன் குறைகிறது, அதுதான் சிக்கல்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். முன்விறாந்தையில் இருத்தி, நல்லூர்க் கோயில் எந்தப் பக்கம், கொக்குவில் புகையிரத நிலையம் எந்தப் பக்கம் என்று கை காட்டச் சொல்லுங்கள். பலாலி வீதி மூடியிருந்தால் எப்படிப் போவீர்கள் என்று கேளுங்கள். இது பரிசோதனை அல்ல. ஆயுள் முழுவதும் திசை தெரியாத கெட்டிக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முன்பு டக்கென்று சொன்னவர் இப்போது தடுமாறுகிறாரா என்பதுதான் கேள்வி.

சில மாதங்களுக்குள் இன்னொரு முறை வழி தவறினால், தெரிந்த சந்தியைக் கண்டும் பிழை விளங்காவிட்டால், கேட்டதையே திரும்பக் கேட்டால், நரம்பியல் கிளினிக்கில் காட்டுங்கள். அதற்கு முன் தைரொயிட், பி12, சீனி அளவு, கண்ணில் கற்றரக்ட், காது கேட்கும் அளவு எல்லாம் பார்க்கவேண்டும். சலரோகத்துக்கு மருந்து எடுப்பவர் என்றால் அன்று சாப்பிடாமல் போனாரா என்றும் கேளுங்கள். தடிமனுக்கு இரவில் பிரிட்டன் குளிசை போடும் பழக்கம் உண்டா? அந்த வகை மருந்துகள் வயதானவர்களின் மூளையை மந்தமாக்கும். வருகிறபோது அவர் எடுக்கும் எல்லா மருந்துப் பெட்டிகளையும் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். தடுமாற்றம் ஒரே நாளில் திடீரென்று வந்தால், காய்ச்சலோடோ பேச்சுக் குழறலோடோ வந்தால், கிளினிக் நாளுக்குக் காத்திருக்கவேண்டாம். உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

சைக்கிளைப் பறிக்கவேண்டாம். ஒரு நாள் புதிய ஒழுங்கையால் அவரை முன்னால் போகவிட்டு, நீங்கள் வழி சொல்லாமல் பின்னால் போய், எந்த இடத்தில் தயங்கினார், எதைக் கண்டு சரிசெய்தார் என்று எழுதிவையுங்கள். அந்தக் குறிப்பு எனக்கு ஒரு ஸ்கான் படத்தைவிட அதிகம் சொல்லும்.