கல்லால் தள்ள முடிவது நீரை மட்டும்தான்

கேள்வி: காலையில் எழுந்தால் முகம் உப்பியிருக்கிறது. இரண்டு மாதமாக, முகத்தை நீவும் தட்டையான குவா ஷா கல்லால் நன்றாக அழுத்தித் தேய்க்கிறேன். உடனே குறைகிறது, மறுநாள் அதே வீக்கம். கண்ணுக்குக் கீழே உள்ள பை அசையவே இல்லை. நான் செய்வதில் என்ன தவறு?

பதில்: அழுத்துவது மட்டும்தான் தவறு. மற்றபடி, நீங்கள் சொல்வது இரண்டு வேறு விஷயங்கள்.

காலை வீக்கம் பெரும்பாலும் நீர். பகலில் கால்களை நோக்கி இறங்கும் நீர், படுத்திருக்கும்போது முகத்திலும் தங்குகிறது. இமைத் தோல் மிக மெல்லியது என்பதால் அங்கே முதலில் தெரியும். இரவுச் சாப்பாட்டில் ஊறுகாயும் அப்பளமும் கூடினால் இன்னும் தெரியும். எழுந்து நடமாடினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானே வடிந்துவிடும். கல்லோ ரோலரோ வெறும் விரலோ, அந்த வடிதலைக் கொஞ்சம் விரைவுபடுத்தும், அவ்வளவுதான். அடுத்த இரவு படுத்தால் நீர் திரும்ப வரத்தான் செய்யும்.

கண்பை பெரும்பாலும் கொழுப்பு. கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பைத் தாங்கும் சவ்வு வயதோடு தளர்ந்து, கொழுப்பு முன்னே பிதுங்குகிறது. கண்ணாடி முன் தலையை நேராக வைத்து, கண்களை மட்டும் மேலே உயர்த்திப் பாருங்கள். பை இன்னும் துருத்தினால், மாலையிலும் அதே அளவில் இருந்தால், அது கொழுப்புதான். எந்தக் கல்லும் அதை உள்ளே தள்ளாது. தொந்தரவாக இருந்தால் அறுவை சிகிச்சைதான் வழி. தாடைக் கொழுப்பும் தேய்த்தால் கரையாது.

இனி அழுத்தம். நீரைக் கொண்டுபோகும் நிணநீர்க் குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கின்றன. அழுத்தினால் அவை நசுங்கும். சீன மரபில் முதுகில் செம்புள்ளிகள் வரும்வரை சுரண்டுவது உண்டு. முகத்துக்கு அந்த முறை வேண்டாம். நம் மாநிறத் தோலில் உராய்வு விட்டுப்போகும் கருமை மாதக்கணக்கில் நிற்கும், அதுதான் எனக்குப் பெரிய கவலை.

முதலில் கழுத்து, ஏனென்றால் நீர் காறை எலும்பை நோக்கித்தான் போக வேண்டும். நாலைந்து சொட்டு எண்ணெய் தடவி, கல்லைத் தோலோடு கிட்டத்தட்டப் படுக்கவைத்து, காதுக்குக் கீழிருந்து காறை எலும்புவரை ஐந்து முறை மெல்ல இழுங்கள். அப்புறம் மூக்கோரத்திலிருந்து காதுவரை ஐந்து முறை. கண்ணுக்குக் கீழே மோதிர விரல் போதும். மொத்தம் நாலு நிமிடம். குளிர்ந்த ரோலர் இதமாக இருக்கும், ஈரத்துணியும் அதே வேலையைச் செய்யும். பருக்கள் மேல் தேய்க்காதீர்கள். ஃபில்லர், போடாக்ஸ் ஊசி போட்டிருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள்.

வீக்கம் மதியம்வரை வடியாமல் தினமும் நின்றால், கால் வீங்கினால், சிறுநீர் நுரைத்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். சோர்வும் எடைகூடுதலும் சேர்ந்தால் தைராய்டு. சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், தைராய்டுக்கான டி.எஸ்.எச். மூன்றும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.